எஞ்சி நிற்கும் இரட்டைப் பகுதி

sin(x³) என்ற சார்பை −1 இலிருந்து 1 வரை தொகையிட முனைந்தால், வழக்கமான வழி முதல் அடியிலேயே அடைபட்டு நிற்கும். வரையறுத்த தொகையீட்டின் மதிப்பைக் காண்பதற்குப் பாடநூல்கள் கற்பிக்கும் முறை, வகையிட்டால் கொடுக்கப்பட்ட சார்பையே திருப்பித் தரும் வேறொரு சார்பைக் கண்டறிந்து, அதன் மதிப்பை மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் கணித்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிப்பதாகும். அவ்வாறு தேடப்படும் சார்புக்கு எதிர்வகையீடு என்று பெயர். sin(x³) என்பதற்கும் எதிர்வகையீடு உண்டு. ஆனால் பல்லுறுப்புக் கோவைகள், முக்கோணவியல் சார்புகள், அடுக்குக்குறிச் சார்புகள், மடக்கைகள் ஆகிய பழகிய சார்புகளை எவ்வளவு பின்னிச் சேர்த்தாலும் அதை எழுத இயலாது. ஆயினும் இந்தத் தொகையீட்டின் மதிப்பு 0 என்பது, தோராயமாக அன்றி முற்றிலும் துல்லியமாக, ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. x இருக்கும் இடத்தில் −x ஐ இட்டால் சார்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதே அதற்குப் போதுமானது.

அவ்வாறு இடும்போது மதிப்பு மாறாமல் இருக்கும் சார்பு, அதாவது f(−x) = f(x) என்ற நிபந்தனையை எல்லா x இலும் நிறைவேற்றும் சார்பு, இரட்டைச் சார்பு எனப்படும்; குறி மட்டும் மாறி அளவு மாறாதிருக்கும் சார்பு, அதாவது f(−x) = −f(x) ஆக அமையும் சார்பு, ஒற்றைச் சார்பு எனப்படும். x², x⁴ போன்ற இரட்டைப்படை அடுக்குகள் முதல் வகையையும், x, x³, x⁵ போன்ற ஒற்றைப்படை அடுக்குகள் இரண்டாம் வகையையும் சேர்வதால், ஆய்லர் 1727 இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே இப்பெயர்கள் வழங்கின. வரைபடத்தில் நோக்கினால், இரட்டைச் சார்பின் வளைவரை y அச்சின் இருபுறமும் ஒன்றையொன்று பிரதிபலிக்கிறது. ஒற்றைச் சார்பின் வளைவரையோ ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டு அரைச் சுற்றுச் சுழற்றினால் தன்மீதே பொருந்துகிறது. cos x முதல் வகைக்கும் sin x இரண்டாம் வகைக்கும் உரியவை.

0 க்கு இருபுறமும் சம தொலைவு நீளும் −a முதல் a வரையிலான இடைவெளியைச் சமச்சீர் இடைவெளி என்று கொண்டால், அதன்மீதான தொகையீட்டை −a முதல் 0 வரை ஒன்றாகவும் 0 முதல் a வரை மற்றொன்றாகவும் பிரிக்கலாம். முதற்பகுதியில் x = −t என்று பிரதியிடும்போது dx என்பது −dt ஆக மாறுகிறது, −a என்ற கீழ் எல்லை a ஆகவும் 0 என்ற மேல் எல்லை 0 ஆகவும் ஆகின்றன, எல்லைகளை மீண்டும் ஏறுவரிசைக்குக் கொண்டுவர அவற்றை இடம் மாற்றும்போது தோன்றும் கழித்தல் குறி முன்னதை நீக்கிவிடுகிறது. ஆகவே எந்தச் சார்பாயினும் பின்வரும் சமன்பாடு பொருந்தும்:

∫₋ₐᵃ f(x) dx = ∫₀ᵃ [ f(x) + f(−x) ] dx

இந்த அத்தியாயத்தில் வரும் அனைத்துக்கும் இந்த ஒரு வரியே அடிப்படை. சார்பு ஒற்றையானால் அடைப்புக்குள் இருப்பது ஒவ்வொரு புள்ளியிலும் 0 ஆகிவிடுவதால் தொகையீடும் 0. சார்பு இரட்டையானால் அடைப்புக்குள் இருப்பது 2f(x) ஆவதால் தொகையீடு பாதி இடைவெளியின் தொகையீட்டைப் போல் இரு மடங்கு. பிந்தைய விளைவு சிறு வசதியாகத் தோன்றினாலும், கீழ் எல்லையாக 0 அமைவதால் கணக்கின் உழைப்பு பெரும்பாலும் பாதிக்கும் கீழே குறைகிறது.

இவ்விரு விளைவுகளும் ஒரே கணக்கில் சேர்ந்து வேலை செய்வதைக் காட்ட, வைஃபை கடவுச்சொல் புதிர் என்ற பெயரில் இணையத்தில் பரவிய ஒரு தொகையீடு மிகப் பொருத்தமானது:

∫₋₂² ( x³ cos(x/2) + 1/2 ) √(4 − x²) dx

முதற்பார்வையில் இது அச்சுறுத்தும் தோற்றம் உடையது. x³, கொசைன், வர்க்கமூலம் ஆகிய மூன்றும் பெருக்கலில் நிற்பதால், பகுதித் தொகையிடலையோ முக்கோணவியல் பிரதியிடலையோ தொடங்குபவர் வெகுதூரம் சென்றும் முடிவு காணமாட்டார். ஆனால் அடைப்பைப் பிரித்து எழுதினால் இரண்டு உறுப்புகள் கிடைக்கின்றன. முதல் உறுப்பில் x³ ஒற்றை, cos(x/2) இரட்டை, √(4 − x²) இரட்டை. x ஐ −x ஆக மாற்றும்போது x³ மட்டுமே ஒரு கழித்தல் குறியைத் தருவதால் பெருக்கற்பலன் முழுவதும் ஒற்றை, எனவே அதன் பங்களிப்பு 0. எஞ்சுவது √(4 − x²) என்பதில் பாதி மட்டுமே. y = √(4 − x²) என்பது ஆதிப்புள்ளியை மையமாகவும் 2 ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தின் மேற்பாதி ஆதலால், அதன்கீழ் அமையும் பரப்பு அரைவட்டத்தின் பரப்பாகிய 2π; அதில் பாதி π. தொகையிடும் முறை எதையும் பயன்படுத்தாமலே விடை 3.14159… என்று வந்துவிடுகிறது.

மேற்கண்ட கணக்கில் பெருக்கற்பலனின் தன்மையைக் கண்ட இடத்தில்தான் மாணவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். ஒற்றைப்படை எண்ணை ஒற்றைப்படை எண்ணால் பெருக்கினால் ஒற்றைப்படை எண் வரும் என்ற பழக்கம் மனத்தில் ஊறியிருப்பதால், ஒற்றைச் சார்பை ஒற்றைச் சார்பால் பெருக்கினாலும் ஒற்றைச் சார்பே வரும் என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் இரண்டு கழித்தல் குறிகள் ஒன்றையொன்று நீக்குவதால் அது இரட்டைச் சார்பாகிறது. x³ ஐ x⁵ ஆல் பெருக்கும்போது அடுக்குகள் கூட்டப்பட்டு x⁸ கிடைப்பதை நினைவில் கொண்டால், சார்புகளின் பெருக்கல் எண்களின் கூட்டலைப் பின்பற்றுகிறது என்பது விளங்கும். சார்புகளின் கூட்டலோ எண்களின் விதி எதையும் பின்பற்றுவதில்லை. இரண்டு ஒற்றைச் சார்புகளின் கூடுதல் ஒற்றையாகவே இருக்கும், ஒற்றையும் இரட்டையும் கூடினால், இரண்டில் எதுவும் பூச்சியச் சார்பாக இல்லாதவரை, இரண்டு வகையிலும் சேராத சார்பு கிடைக்கும்.

தோற்றத்தைக் கொண்டு தன்மையை முடிவு செய்வதும் ஆபத்தானது. ln(x + √(x² + 1)) என்ற சார்பைப் பார்ப்பவர் யாரும் அதில் சமச்சீர்மை இருப்பதாகக் கருதமாட்டார். மடக்கை என்பதே நேர் எண்களுக்கு மட்டும் உரியதாதலால், x எதிர்மறையாகும்போது சார்புக்கு மதிப்பு உண்டா என்ற ஐயம்கூட எழும். √(x² + 1) எப்போதும் x இன் அளவைவிடப் பெரிதாக இருப்பதால் அடைப்புக்குள் இருப்பது எல்லா x இலும் நேர் எண்ணே என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, f(x) ஐயும் f(−x) ஐயும் கூட்டினால், மடக்கைகளின் கூடுதல் பெருக்கற்பலனின் மடக்கையாக மாறி, (√(x² + 1) + x)(√(x² + 1) − x) என்பதன் மடக்கை கிடைக்கிறது. அப்பெருக்கற்பலன் (x² + 1) − x², அதாவது 1. அதன் மடக்கை 0. ஆக f(−x) = −f(x), சார்பு ஒற்றை; −3 முதல் 3 வரை அதன் தொகையீடு 0.

ஒரு சார்பின் தன்மையை எண்களைக் கொண்டு விரைவாகச் சோதிக்கும் பழக்கம் நல்லதே, ஆனால் அது ஒரு திசையில் மட்டுமே நம்பத்தக்கது. f(1) உம் f(−1) உம் அளவில் வேறுபட்டால் சார்பு இரட்டையும் அல்ல, ஒற்றையும் அல்ல என்பது உறுதி. 0 இல் மதிப்புள்ள ஒற்றைச் சார்பு அங்கே 0 ஆக இருந்தே தீரவேண்டும் என்பதால், f(0) வேறு எண்ணாக இருந்தால் சார்பு ஒற்றை அல்ல என்பதும் உறுதி. ஆனால் மதிப்புகள் பொருந்திவருவதால் எதுவும் நிறுவப்படுவதில்லை: x² + x³ − x என்ற கோவை x = 1, x = −1 ஆகிய இரண்டிலும் 1 என்ற மதிப்பையே தருகிறது, என்றாலும் அது இரட்டைச் சார்பன்று. அதேபோல், தொகையீடு 0 ஆக வந்தது என்பதைக் கொண்டு சார்பு ஒற்றை என்று முடிவு செய்வதும் தவறு. x² − 1/3 என்பது இரட்டைச் சார்பாக இருந்தும் −1 முதல் 1 வரை 0 என்ற தொகையீட்டையே தருகிறது.

பரப்பு பற்றிய வினாக்களிலும் கவனம் தேவை. தொகையீடு என்பது x அச்சுக்கு மேலுள்ள பரப்பை நேர் எண்ணாகவும் கீழுள்ள பரப்பை எதிர் எண்ணாகவும் கொண்டு கூட்டுவதாகும்; y = x³ என்ற வளைவரைக்கும் x அச்சுக்கும் இடையில் −1 முதல் 1 வரை அமையும் பரப்பு எவ்வளவு என்று கேட்டால், பக்கத்துக்கு 1/4 வீதம் 1/2 என்பதே விடையாகுமேயன்றி 0 ஆகாது.

இதுவரை கூறப்பட்டவை, சார்போ அதன் உறுப்புகளோ முழுமையாக இரட்டையாகவோ ஒற்றையாகவோ அமைந்த நிலைகளைப் பற்றியவை. பெரும்பாலான சார்புகள் அப்படி அமைவதில்லை என்பதால் இவ்வழி ஒரு சில கணக்குகளுக்கே உதவும் என்று தோன்றலாம், அத்தோற்றம் சரியன்று. எந்தச் சார்பையும், அதன் வரையறைப் பகுதி 0 க்கு இருபுறமும் சமமாக இருக்கும்வரை, ஓர் இரட்டைச் சார்பும் ஓர் ஒற்றைச் சார்புமாகப் பிரிக்கலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்கலாம்:

f(x) = [ f(x) + f(−x) ] / 2 + [ f(x) − f(−x) ] / 2

வலப்புறத்தின் முதல் உறுப்பில் x ஐயும் −x ஐயும் இடம் மாற்றினால் எதுவும் மாறாது, எனவே அது இரட்டை. இரண்டாவதில் குறி மாறுகிறது, எனவே அது ஒற்றை. eˣ என்ற சார்பை இவ்வாறு பிரித்தால் கிடைக்கும் இரண்டு பகுதிகளே cosh x, sinh x எனப்படும் அதிபரவளையச் சார்புகள். சமச்சீர் இடைவெளியில் தொகையிடும்போது ஒற்றைப் பகுதி எப்போதும் மறைந்துபோவதால், அங்கே கணக்கிடப்படுவது, சார்பு எதுவாயினும், அதன் இரட்டைப் பகுதியின் தொகையீடு மட்டுமே. சமச்சீர்மை இல்லாத சார்பு என்று ஒதுக்கப்படும் ஒன்றிலும் தேவையற்ற பாதி ஒளிந்திருக்கிறது; அதைத் தொகையிடுவதற்கு முன்பே களைந்துவிட முடிகிறது.

இதன் பயன் மிக அழகாக வெளிப்படுவது, பகுதியில் 1 + eˣ நிற்கும் தொகையீடுகளில்தான். cos x / (1 + eˣ) என்பதை −π/2 முதல் π/2 வரை தொகையிட வேண்டும் என்று கொள்ளலாம். தொகுதியிலுள்ள cos x இரட்டை. பகுதி இரட்டையும் அன்று, ஒற்றையும் அன்று. எதிர்வகையீட்டைத் தேடுவது வீண் முயற்சி. ஆனால் 1/(1 + eˣ) என்பதில் x க்குப் பதில் −x ஐ இட்டு, தொகுதியையும் பகுதியையும் eˣ ஆல் பெருக்கினால் eˣ/(eˣ + 1) கிடைக்கிறது. அதை முதலாவதோடு கூட்டினால் தொகுதியும் பகுதியும் ஒன்றாகி, கூடுதல் 1 ஆகிறது. அதாவது, 1/(1 + eˣ) இன் இரட்டைப் பகுதி 1/2 என்ற மாறிலியே. வளைவு முழுவதும் ஒற்றைப் பகுதியில் அடங்கியிருக்கிறது. இரட்டையான cos x ஆல் பெருக்கும்போதும் அந்த ஒற்றைப் பகுதி ஒற்றையாகவே நின்று தொகையீட்டில் மறைந்துபோகிறது. எஞ்சுவது, அடிப்படைச் சமன்பாட்டின்படி, cos x ஐ 0 முதல் π/2 வரை தொகையிடுவது. அதன் மதிப்பு 1.

இந்தக் கணக்கில் e என்ற எண்ணுக்கும், அதன் அடுக்கில் நின்ற x க்கும் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அடிமானம் வேறு எந்த நேர் எண்ணாக இருந்தாலும், அடுக்கில் எந்த ஒற்றைச் சார்பு இருந்தாலும், x ஐ −x ஆக மாற்றும்போது அடுக்கு குறி மாறி, அதே கூடுதல் 1 கிடைக்கும். ஆகவே x² / (1 + e^(sin x)) என்ற கரடுமுரடான சார்பை −1 முதல் 1 வரை தொகையிட்டால் வருவது, x² ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் வரும் 1/3 தான். நுழைவுத் தேர்வுகளில் இவ்வகைக் கணக்குகளை அமைப்பவர்கள் அடுக்கில் எவ்வளவு சிக்கலான சார்பைப் பொருத்தினாலும், அது ஒற்றையா என்று சோதிப்பது மட்டுமே விடை காண்பவரின் வேலை; அடுக்கில் sin x க்குப் பதில் cos x இருந்தால் இவ்வழி முழுவதும் பயனற்றுப்போகும்.

சமச்சீர்மை 0 ஐ மையமாகக் கொண்டிருக்கவேண்டும் என்பதும் கட்டாயமன்று. p முதல் q வரையிலான எந்த இடைவெளிக்கும் (p + q)/2 என்ற நடுப்புள்ளி உண்டு. அப்புள்ளியிலிருந்து அளக்கப்படும் தொலைவை t என்று கொண்டால் இடைவெளி t இல் சமச்சீராகிவிடுகிறது. x sin x / (1 + cos² x) என்பதை 0 முதல் π வரை தொகையிடும் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் எதிர்வகையீடும் பழகிய சார்புகளில் அடங்காதது. நடுப்புள்ளி π/2 என்பதால் x = π/2 + t என்று பிரதியிட்டால், sin x என்பது cos t ஆகவும், cos x என்பது −sin t ஆகவும் மாறி, தொகையீடு

∫ (π/2 + t) · cos t / (1 + sin² t) dt

என்று −π/2 முதல் π/2 வரை அமைகிறது. cos t / (1 + sin² t) இரட்டைச் சார்பு. அதை t பெருக்கும் உறுப்பு ஒற்றை, எனவே மறைகிறது. π/2 பெருக்கும் உறுப்பு மட்டுமே நிற்கிறது. கணக்கைக் கடினமாக்கி எதிர்வகையீட்டைத் தடுத்துவந்தது அந்த x காரணிதான்; அது இப்போது π/2 என்ற மாறிலியாகிவிட்டதால், sin t = u என்ற எளிய பிரதியிடல் 1/(1 + u²) ஐ −1 முதல் 1 வரை தொகையிடும் பழகிய கணக்கைத் தருகிறது. அதன் மதிப்பு π/2. ஆக முழு விடை π²/4, ஏறத்தாழ 2.467. இடைவெளி எந்த வகையிலும் சமச்சீராக அமையாதபோதுகூட, எடுத்துக்காட்டாக −2 முதல் 3 வரை ஓர் ஒற்றைச் சார்பைத் தொகையிடும்போது, −2 முதல் 2 வரையிலான பகுதியை விட்டுவிட்டு 2 முதல் 3 வரை மட்டும் கணக்கிட்டால் போதும்.

இவ்வழியின் உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. 1/x என்பது ஐயமின்றி ஒற்றைச் சார்பு. −1 முதல் 1 வரை அதன் தொகையீடு 0 என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நீக்குகின்றன என்ற வாதத்தில், ஒவ்வொரு பாதியும் தனித்தனியே வரம்புள்ள ஓர் எண்ணாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை சொல்லப்படாமலே அடங்கியிருக்கிறது. 1/x இல் 0 முதல் 1 வரையிலான பாதி முடிவிலியை நோக்கிச் செல்வதால் அந்த நிபந்தனை முறிந்துபோகிறது. அது முறிவதன் விளைவை எண்ணாகவே காணலாம். 0 க்கு இடப்புறம் ε என்ற சிறு தொலைவையும் வலப்புறம் 2ε என்ற சிறு தொலைவையும் விட்டுவிட்டுத் தொகையிட்டால், இடப்பகுதி ln ε, வலப்பகுதி −ln 2ε, இரண்டின் கூடுதல் −ln 2, ஏறத்தாழ −0.693; ε எவ்வளவு சிறிதானாலும் இம்மதிப்பு மாறுவதில்லை. இருபுறமும் சமமாக வெட்டினால் 0, வேறு விகிதத்தில் வெட்டினால் வேறு எண். வெட்டும் விதத்தைப் பொறுத்து எந்த எண்ணையும் வரவழைக்கலாம் என்றால், அத்தொகையீட்டுக்கு மதிப்பு இல்லை என்பதே பொருள். சமமாக வெட்டுவதால் கிடைக்கும் 0 என்பதற்குக் கோஷியின் முதன்மை மதிப்பு என்ற தனிப்பெயர் உண்டு. அது பல இடங்களில் பயனுள்ள எண்ணே, ஆயினும் அது தொகையீட்டின் மதிப்பு அன்று.

சார்பு ஒரு புள்ளியில் முடிவிலியாவதே குற்றம் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடவும் கூடாது. x இன் கனமூலத்தின் தலைகீழாகிய x^(−1/3) என்பதும் 0 இல் முடிவிலியாகிறது, அதுவும் ஒற்றைச் சார்பே. ஆனால் 0 முதல் 1 வரை அதன் தொகையீடு 3/2 என்ற வரம்புள்ள எண்ணாக இருப்பதால், −1 முதல் 1 வரை அதன் தொகையீடு 0 என்று எழுதுவது முற்றிலும் சரியானது. சோதிக்கவேண்டியது ஒரு பாதி மட்டுமே: அது வரம்புடையதாயின் சமச்சீர்மையை நம்பலாம்.

முடிவிலி இடைவெளியிலும் இதுவே நிலை. 2x/(1 + x²) என்பதை −R முதல் R வரை தொகையிட்டால் R எவ்வளவாயினும் 0 வருகிறது. −R முதல் 2R வரை தொகையிட்டாலோ, R பெருகப்பெருக மதிப்பு ln 4, அதாவது ஏறத்தாழ 1.386 ஐ நோக்கிச் செல்கிறது. நிகழ்தகவியலில் கோஷிப் பரவல் எனப்படும் 1/[π(1 + x²)] என்ற வளைவரையின் சராசரியைக் கணிக்கும்போது எழுவது இதே தொகையீடுதான். வளைவரை 0 க்கு இருபுறமும் குறைவறச் சமச்சீராக இருப்பதைக் கண்டு சராசரி 0 என்று கூறத் தோன்றும். உண்மையில் அப்பரவலுக்குச் சராசரி என்பதே இல்லை. அப்பரவலிலிருந்து எத்தனை எண்களை எடுத்துச் சராசரி கண்டாலும், அது எந்த ஓர் எண்ணிலும் நிலைகொள்ளாமல், ஒற்றை எண்ணை எடுத்தால் எவ்வளவு அலையுமோ அதே அளவுக்கு அலைந்துகொண்டிருக்கும்.

ஒற்றைச் சார்பின் தொகையீடு 0 ஆவது தாளில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு ஹைட்ரஜன் அணு சான்று பகர்கிறது. குவாண்டம் இயற்பியலில் அணுவின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அலைச்சார்பு உண்டு. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் இறங்கி ஒற்றை ஃபோட்டானை வெளியிடும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடக்க நிலையின் அலைச்சார்பு, இறுதி நிலையின் அலைச்சார்பு, இடையில் z போன்ற ஓர் ஆயத்தொலைவு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனை வெளி முழுவதும் தொகையிட்டால் கிடைக்கும் எண். 1s என்ற அடிநிலையும் 2s என்ற கிளர்நிலையும் அணுக்கருவிலிருந்து உள்ள தொலைவை மட்டுமே பொறுத்தவை. எனவே z ஐ −z ஆக மாற்றினால் அவை மாறா, இரண்டும் இரட்டை. இடையில் நிற்கும் z ஒற்றை. பெருக்கற்பலன் ஒற்றை, அலைச்சார்புகள் தொலைவில் மிக விரைவாகத் தேய்வதால் ஒவ்வொரு பாதியும் வரம்புடையது, ஆகவே தொகையீடு 0. அருகிலேயே ஏறத்தாழ அதே ஆற்றலில் உள்ள 2p நிலைகளில், z அச்சின் வழியே நீண்டிருப்பதன் அலைச்சார்பு ஒற்றை. அதை ஒற்றையான z ஆல் பெருக்கினால் இரட்டை கிடைப்பதால் தொகையீடு மறைவதில்லை. 2p நிலையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 1.6 நானோ வினாடி. 2s நிலையின் ஆயுளோ ஏறத்தாழ 0.12 வினாடி, அதாவது ஏழு கோடி மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய வேறுபாடு, தொகையிடப்படும் ஒரு சார்பு ஒற்றையா இரட்டையா என்பதிலிருந்து பிறக்கிறது.

2s நிலை இறுதியில் அழியும் வழியும் கருதத்தக்கது. ஓர் அணு இரண்டு ஃபோட்டான்களை ஒருசேர வெளியிட முடியும் என்பதை மரியா கோப்பர்ட் மேயர் 1931 இல் கோட்பாட்டளவில் காட்டினார். 2s ஹைட்ரஜன் அவ்வழியில்தான் அடிநிலைக்கு இறங்குகிறது என்பதை பிரைட்டும் டெல்லரும் 1940 இல் கணக்கிட்டனர். இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றல்களும் சேர்ந்து 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆகவேண்டும் என்பதைத் தவிர, அவை அந்த ஆற்றலை எப்படியும் பங்கிட்டுக்கொள்ளலாம். அணுக்கள் மோதிக்கொள்வது அரிதான கோள்வடிவ நெபுலாக்களில் இதனால் எழும் தொடர்நிறமாலை ஒளி காணப்படுகிறது. ஒரு ஃபோட்டான் 3 எலக்ட்ரான் வோல்ட் பெற்றால் அதன் இணை 7.2 பெறுவதால், எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான்கள் வெளிவருகின்றன என்பதைக் காட்டும் வளைவரை 0 முதல் 10.2 வரையிலான இடைவெளியின் நடுப்புள்ளியாகிய 5.1 ஐச் சுற்றி இரட்டைச் சார்பாக அமைகிறது. அழிவின் மொத்த வேகத்தைக் காண அவ்வளைவரையை முழு இடைவெளியிலும் தொகையிட்டால் ஒவ்வொரு இணையும் இருமுறை எண்ணப்பட்டுவிடும் என்பதால் விடையைப் பாதியாக்கவேண்டும். இரட்டைச் சார்பின் முழுத் தொகையீடு பாதி இடைவெளியின் தொகையீட்டைப் போல் இரு மடங்கு என்பதால் அந்தப் பாதியும் இந்த இரு மடங்கும் ஒன்றையொன்று நீக்கிவிட, 0 முதல் 5.1 வரை ஒருமுறை தொகையிடுவதே போதுமானதாகிறது.